மூச்சை விடும்போது எடுக்கும் படம்

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போனவர்கள் எல்லோருக்கும் அந்தக் கட்டளை பழக்கமானது: "மூச்சை நல்லா இழுங்கோ, அப்படியே பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ." நுரையீரல் காற்றால் நிறைந்து விரிந்திருக்கும்போதுதான் அதற்குள் இருப்பவை தெளிவாகத் தெரியும். நியூமோனியாவைத் தேடினாலும் காசநோயைத் தேடினாலும் அதுதான் சரியான முறை. ஆனால் ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள் ஏதோ ஒன்று போய்ச் சிக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்துவிட்டால், மருத்துவர் இன்னொரு படமும் கேட்பார். மூச்சை முழுவதும் வெளியே விட்ட நிலையில் எடுக்கும் படம் அது. உடுப்பிட்டியிலிருந்து மந்திகை வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய்தகப்பனுக்கு இது விளங்குவதில்லை. முதல் படம் பிழைத்துப்போய்விட்டதா, இரண்டு தரம் எடுத்தால் பிள்ளைக்குக் கதிர் கூடிவிடாதா என்று தவிக்கிறார்கள்.

முதல் படம் பிழைக்கவில்லை. கதிரைப் பற்றிய பயமும் வேண்டாம். ஒரு நெஞ்சுப் படத்தில் பிள்ளை பெறும் கதிரின் அளவு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாமெல்லோரும் சில நாட்களில் இயல்பாகவே பெற்றுக்கொள்ளும் அளவுதான். இரண்டாவது படம் ஏன் தேவைப்படுகிறது, அதில் எதைப் பார்க்கிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நிதானமாகப் பார்ப்போம். இது விளங்கிய பெற்றோர் மருத்துவரிடம் சொல்லவேண்டியதைச் சரியாகச் சொல்வார்கள். பல பிள்ளைகளின் நோய் கண்டுபிடிக்கப்படுவது அப்படிப் பெற்றோர் சொல்லும் ஒரு வாக்கியத்தில்தான்.

ஒரு பிள்ளையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல. உலகம் முழுவதும் இந்தப் பிள்ளைகளின் கதை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது. அந்த வரிசையை நம் ஊரில் வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவே. பிள்ளைக்கு இருபது மாதம். ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்குப் போய்வந்த வீட்டில் கச்சான் சரை ஒன்று பிரித்தபடி கிடக்கிறது. அக்கா உரித்துப் போட்ட பருப்பில் இரண்டு மூன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பிள்ளை ஓடுகிறது. அக்கா துரத்த, பிள்ளை சிரிக்கிறது. சிரிப்புக்கு நடுவில் மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தில் அரைக் கச்சான் ஒன்று தொண்டையைத் தாண்டிப் போய்விடுகிறது.

உடனே கடுமையான இருமல். முகம் சிவந்து, உதடு கொஞ்சம் நீலம் பாரித்து, கண்ணில் நீர் வழிகிறது. அம்மம்மா உச்சந்தலையில் தட்டி, "பிரக்கடிச்சுப் போச்சு, ஆரோ நினைக்கினம்" என்கிறார். சில நிமிடங்களில் இருமல் அடங்குகிறது. பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி விளையாடப் போய்விடுகிறது. வீட்டிலுள்ளவர்கள் விஷயம் முடிந்துவிட்டதென்று நினைக்கிறார்கள்.

அது முடிந்ததாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. தொண்டையிலும் குரல்வளையிலும் இருமலைக் கிளப்பும் நரம்புகள் மிகவும் கூர்மையானவை. பொருள் அந்த இடத்தைக் கடக்கும்போது உடல் முழு வலுவோடு போராடும். அதைத் தாண்டிக் கிளைக்குழாயில் போய் அமர்ந்தபின் அங்குள்ள நரம்புகள் கொஞ்ச நேரத்தில் அந்தப் பொருளுக்குப் பழகிவிடும். இருமல் நிற்கும். இந்த அமைதி சில மணித்தியாலங்களும் நீடிக்கலாம், சில வாரங்களும் நீடிக்கலாம். இந்த நோயில் மிகவும் ஆபத்தானது இந்தக் கட்டம்தான் என்பது என் எண்ணம். பிள்ளையைப் பார்க்க நன்றாக இருப்பதால் யாரும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதில்லை. பிறகு இழுப்பு வரும்போது, நாலைந்து நாளுக்கு முந்தைய அந்தச் சம்பவத்தையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஏன் இந்த வயதுப் பிள்ளைகளுக்கே அதிகம் நடக்கிறது? ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை பிள்ளைக்கு முன்பல் இருக்கும், கடைவாய்ப் பல் போதாது. முதல் கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்குப் பின்னர்தான் முளைக்கத் தொடங்கும். அடுத்த சோடி வர இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆகும். ஆகவே கச்சானை இரண்டாகக் கடிக்கப் பிள்ளையால் முடியும், அரைத்து மாவாக்க முடியாது. அந்த வயதில் மூச்சுக்குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 6, 7 மில்லிமீற்றர்தான். அதிலிருந்து பிரிந்து வலது, இடது நுரையீரல்களுக்குப் போகும் கிளைகள் அதைவிடவும் ஒடுங்கியவை. அரைக் கச்சானின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே. முழுக் கச்சானை நான்கு வயதுக்கு முன் கொடுக்கவேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும், ஐந்து வயதுக்கு முன் வேண்டாம் என்று பிரித்தானியாவின் சுகாதார சேவையும் சொல்வது இதனால்தான். புளியங்கொட்டை, அன்னமுன்னாப்பழ விதை, விளையாட்டுச் சாமானிலிருந்து கழன்ற சின்ன பல்ப், பேனை மூடி எல்லாம் இதே வழியால் போகக்கூடியவை.

மறுநாள் எங்கள் பிள்ளைக்கு இலேசான இழுப்பு. "முட்டு" என்று அயலில் சொல்கிறார்கள், நெபுலைசர் பிடிக்கிறார்கள். கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்து மறுபடி வருகிறது. மூன்றாம் நாள் காய்ச்சல். மந்திகை ஆதார வைத்தியசாலையில் ஒரு மருத்துவர் இரண்டு பக்க நெஞ்சிலும் குழலை மாறி மாறி வைத்துக் கேட்கிறார். வலப்பக்கத்தில் காற்றுப் போகும் சத்தம் இடப்பக்கத்தைவிடக் குறைவு. இழுப்புச் சத்தமும் அந்த ஒரு பக்கத்தில்தான். முட்டு வருத்தத்தில் இரண்டு நுரையீரலும் சேர்ந்துதான் இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது என்றால் அங்கே குழாயில் ஏதோ இருக்கிறதா என்று சந்தேகிக்கவேண்டும். அப்போதுதான் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: "பிள்ளைக்கு ஏதாவது சாப்பிடேக்கை, விளையாடேக்கை, திடீரெண்டு புரைக்கேறி இருமினதோ?" தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், அண்டைக்குக் கச்சான் சாப்பிடேக்கை" என்கிறார். அதன்பிறகுதான் இரண்டு படங்களும் கேட்கப்படுகின்றன.

முதலாவது, மூச்சை இழுத்த படம். கச்சான் அதில் தெரியாது. எக்ஸ்ரேயில் வெள்ளையாக விழுபவை எலும்பு, உலோகம், கல் போன்ற அடர்ந்த பொருட்கள். ஊசி, நாணயம், பற்றரி என்றால் உடனே கண்ணில் படும். கச்சானும் விதைகளும் பெரும்பாலான பிளாஸ்ரிக்கும் சதையின் அடர்த்தியையே ஒத்திருப்பதால், கதிர் அவற்றை ஊடுருவிச் செல்லும்போது தனியாக ஒரு நிழலும் விழாது. பிள்ளைகளின் மூச்சுக்குழாய்க்குள் போகும் பொருட்களில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. ஆகவே பொருளைத் தேடினால் கிடைக்காது. அது காற்றுக்குச் செய்யும் இடைஞ்சலைத்தான் தேடவேண்டும்.

இந்த இடைஞ்சலை முதன்முதலாகத் தெளிவாக வகுத்துச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பணியாற்றிய செவாலியர் ஜாக்சன். 1865இல் பிறந்து 1958இல் மறைந்த அந்த மருத்துவர், மனிதரின் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் தான் எடுத்த பொருட்களை எறியாமல் சேர்த்துவைத்தார். 2,300க்கும் மேற்பட்ட அந்தப் பொருட்கள் இன்றும் அதே நகரிலுள்ள மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் வரிசையாக இருக்கின்றன. ஊக்கு, பொத்தான், விதை, எலும்பு, விளையாட்டுச் சாமான் என்று எல்லாம் அதில் உண்டு. அவருக்கு முன்னர் 1897இல் ஜேர்மனியின் பிரைபூர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்பவர், ஒரு விவசாயியின் கிளைக்குழாயில் சிக்கிய பன்றி எலும்பைக் குழாய்க்கருவி ஒன்றை உள்ளே செலுத்திப் பார்த்து எடுத்துக் காட்டியிருந்தார். ரொண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து அப்போது இரண்டு வருடம்கூட நிறையவில்லை.

கிளைக்குழாயில் சிக்கிய பொருள் காற்றை மூன்று விதமாகப் பாதிக்கலாம் என்று வைத்துக்கொண்டால் படத்தை விளங்கிக்கொள்ளப் போதும். பொருள் சிறிதாக இருந்தால் காற்று அதன் பக்கத்தால் உள்ளேயும் போகும், வெளியேயும் வரும். இழுப்புச் சத்தம் கேட்கலாம், ஆனால் இரண்டு படத்திலும் ஒன்றும் தெரியாது. பொருள் குழாயை முற்றாக அடைத்துவிட்டால் காற்று உள்ளே போகவே போகாது. அதற்கு அப்பாலுள்ள நுரையீரலில் மிஞ்சிய காற்றை இரத்தம் உறிஞ்சிவிட, அந்தப் பகுதி சுருங்கி வெள்ளையாகிவிடும். இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பது மூன்றாவது நிலை. காற்று உள்ளே போகும், வெளியே வராது. சைக்கிள் ரியூபின் வால்கட்டை செய்வதும் இதுதான்: பம்பிலிருந்து காற்றை உள்ளே விடும், உள்ளே போன காற்றைத் திரும்பி வரவிடாது.

அடைப்பு அதே அடைப்பு, பொருள் அதே பொருள். அப்படியிருக்கக் காற்றை ஒரு பக்கமாக மட்டும் எப்படி விடுகிறது? மூச்சுக்குழாயின் கிளைகள் விறைத்த குழாய்கள் அல்ல. நாம் மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிகிறது, பிரிமென்றகடு கீழே இறங்குகிறது. அந்த இழுவையில் நுரையீரல் திசு கிளைக்குழாய்களின் சுவரையும் வெளிப்பக்கமாக இழுப்பதால் குழாய் அகலிக்கிறது. கச்சானுக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் மெல்லிய இடைவெளி ஒன்று திறக்கிறது. அதனூடாகக் காற்று உள்ளே நுழைகிறது. மூச்சை விடும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. நெஞ்சுக்கூடு ஒடுங்குகிறது, குழாய் சுருங்கிக் கச்சானை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, இடைவெளி மூடிவிடுகிறது. உள்ளே போன காற்று அங்கேயே தங்கிவிடுகிறது. அடுத்த மூச்சிலும் கொஞ்சம் உள்ளே போகிறது, வெளியே வருவது அதைவிடக் குறைவு. ஒரு கட்டத்தில் அந்த நுரையீரல், ஆரோக்கியமான நுரையீரல் முழு மூச்சு இழுத்தபோது எவ்வளவு விரிந்திருக்குமோ அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது இரண்டு படங்களுக்கும் வருவோம். மூச்சை இழுத்த கணத்தில் நல்ல நுரையீரலும் விரிந்திருக்கும், அடைபட்டதும் விரிந்திருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே முதல் படத்தில் வேறுபாடு ஒன்றும் தெரியாமல் போகலாம். எங்கள் பிள்ளையின் முதல் படம் அப்படித்தான். இரண்டு நுரையீரலும் கறுப்பாக விரிந்திருக்கின்றன. இதயம் நடுவில் இருக்கிறது. வலப்பக்கப் பிரிமென்றகடு இடப்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பதுதான் எல்லோருக்கும் இயல்பு; இங்கே இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. வலது நுரையீரலின் இரத்தக்குழாய் நிழல்கள் இடதைவிடச் சற்று மெலிந்தாற்போல் தெரிகின்றன. காற்றோட்டம் குறைந்த நுரையீரலுக்கு உடல் இரத்தத்தையும் குறைத்தே அனுப்பும் என்பதால், பழகிய கண் இதையும் கவனிக்கும். அவசரத்தில் பார்ப்பவர் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிடக்கூடிய படம் இது.

இரண்டாவது படத்தில் மூச்சு வெளியே போயிருக்கிறது. இடது நுரையீரல் காற்றை விட்டுச் சுருங்கி, அளவில் சிறுத்து, சாம்பல் வெள்ளையாகிவிட்டது. இடப்பக்கப் பிரிமென்றகடு மேலே ஏறியிருக்கிறது. வலது நுரையீரல் முதல் படத்தில் இருந்ததுபோலவே கறுப்பாக, விரிந்தபடி நிற்கிறது. அதன் கீழுள்ள பிரிமென்றகடு தட்டையாக, முதல் படத்தில் எந்த விலா எலும்பின் மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் வெறுமையாகி மறுபக்கம் நிறைந்தே இருப்பதால், நடுவிலுள்ள இதயம் நிறைந்த பக்கத்திலிருந்து வெறுமையான பக்கத்துக்குத் தள்ளப்பட்டு இடப்பக்கமாக நகர்ந்திருக்கிறது. முதல் படத்தில் மறைந்திருந்த வேறுபாடு இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. குறை காற்று உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில்தான் இருக்கிறது. வெளியே வரும் நேரத்தில் பார்த்தால்தான் அது தெரியும்.

இந்தப் படத்தைப் பார்க்கும் புதியவர் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுவார். கண் வெள்ளையை நோக்கித்தான் ஓடும். இடப்பக்கம் வெள்ளையாக இருப்பதைக் கண்டு, அங்கேதான் சளி பிடித்திருக்கிறது, அதுதான் நோயுள்ள பக்கம் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அந்தப் பக்கம் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு நிற்கிறது. மூச்சு வெளியே போனால் நுரையீரல் வெள்ளையாகத்தான் வேண்டும். ஆகவே இரண்டு படத்தையும் அருகருகே மாட்டி, எந்தப் பக்கம் மாறவில்லை என்று கேட்கவேண்டும். மாறாத பக்கமே அடைபட்ட பக்கம். படத்தில் பிள்ளையின் வலப்பக்கம் நமது இடக்கைப் பக்கமாக வரும் என்பதையும் பெற்றோர் மனதில் வைத்துக்கொண்டால் மருத்துவர் சுட்டிக்காட்டும்போது குழம்பாது.

எழுதிவிட எளிது, எடுப்பதுதான் கடினம். பெரியவரிடம் "மூச்சை முழுதா விட்டிட்டு நில்லுங்கோ" என்று சொல்லலாம். இருபது மாதப் பிள்ளை அந்நியமான அறையில், குளிர்ந்த தட்டின்மீது, வீரிட்டு அழுதுகொண்டிருக்கும். அந்த வயதில் நிமிடத்துக்கு முப்பது தரம் மூச்சு வாங்கும். அழும்போது அதைவிட வேகம். ஒரு மூச்சுக்கு இரண்டு செக்கன்தான் கிடைக்கும். அனுபவமுள்ள கதிர்ப்படப்பிடிப்பாளர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கமாட்டார், வயிற்றைப் பார்ப்பார். வயிறு எழும்பும்போது உள்மூச்சு, அமரும்போது வெளிமூச்சு. நீண்ட அழுகை ஒன்று முடிந்து, அடுத்த மூச்சை இழுக்குமுன் வரும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் நுரையீரல் அதிகம் வெறுமையாக இருக்கும். அழுகையைக் கேட்டுக்கொண்டே நின்று, அந்தக் கணத்தில் பொத்தானை அமுக்குவார். சில இடங்களில் ஈயக் கையுறை போட்ட ஒருவர், வெளிமூச்சின்போது பிள்ளையின் மேல்வயிற்றை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கிப் பிடித்து, காற்று முழுவதும் வெளியேற உதவுவார்.

கிடைத்தது உண்மையிலேயே வெளிமூச்சுப் படம்தானா என்று எப்படி அறிவது? நல்ல பக்கத்துப் பிரிமென்றகடு முதல் படத்தைவிட மேலே ஏறியிருக்கவேண்டும். ஏறவில்லை என்றால் அது இன்னொரு உள்மூச்சுப் படம்தான். அதை வைத்துக்கொண்டு காற்றுச் சிக்கவில்லை என்று சொல்லக்கூடாது. பிள்ளை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தாலும் ஏமாற்றும். உடல் திரும்பினால் ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் விழும். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முள்ளந்தண்டிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் அது பிடிபட்டுவிடும்.

வெளிமூச்சுப் படம் கிடைக்காத பிள்ளைக்கு மாற்றுவழி ஒன்றுண்டு. முதலில் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து ஒரு படம், பின்னர் மறுபக்கம் சரித்து இன்னொன்று. சரிந்து படுத்தால் கீழே இருக்கும் நுரையீரல் உடல் பாரத்தில் அமுங்கிக் காற்றை இழக்கும். கீழே இருந்தும் அமுங்காமல் கறுப்பாகவே நின்றால் அந்தப் பக்கத்தில் காற்றுச் சிக்கியிருக்கிறது. பிள்ளையின் ஒத்துழைப்புத் தேவையில்லை என்பது இதன் நன்மை. ஆனால் ஒன்றும் இல்லாத பிள்ளையிலும் இது சிலவேளை சந்தேகத்தை எழுப்பிவிடும். ஆகவே இதை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் விரும்பமாட்டேன். ஓடும் எக்ஸ்ரேயில் நெஞ்சை நேரடியாகப் பார்ப்பது இன்னொரு வழி. அடைப்பு இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் இதயம் பக்கவாட்டில் ஊசலாடுவது தெரியும். இதை விவரித்தவர் வியன்னாவின் குயிடோ ஹோல்ட்ஸ்கினெக்ட். கதிர்களின் ஆபத்து தெரியாத காலத்தில் வேலைசெய்து, அந்தக் கதிர்களாலேயே உடல் சிதைந்து 1931இல் இறந்துபோனவர் அவர்.

ஒரு பக்கம் கறுத்து விரிந்திருந்தால் எல்லாமே கச்சான் ஆகிவிடாது. கெட்டியான சளிக்கட்டி ஒன்று குழாயை அடைத்திருக்கலாம். காசநோயால் வீங்கிய நிணநீர்க்கட்டி வெளியிலிருந்து குழாயை நெரிக்கலாம். நம் நாட்டில் இதையும் மனதில் வைத்திருக்கவேண்டும். நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்து நெஞ்சறையை நிரப்பினாலும் அந்தப் பக்கம் கறுப்பாகவே தெரியும். இந்தக் கடைசி வேறுபாடு மிக முக்கியம். கசிந்த காற்று என்று தவறாக எண்ணி நெஞ்சில் குழாய் போட்டால், விரிந்து நிற்கும் நுரையீரலைக் குத்திவிடும். நுரையீரலின் இரத்தக்குழாய் நிழல்கள் நெஞ்சுச் சுவர்வரை மெல்லியதாகத் தொடர்ந்தால் அது சிக்கிய காற்று. அந்த நிழல்கள் பாதியில் நின்று, அதற்கு அப்பால் வெறும் கறுப்பு மட்டும் இருந்தால் கசிந்த காற்று.

இதைவிடவும் பெரிய விஷயம், படங்கள் இரண்டும் சுத்தமாக இருந்தும் பொருள் உள்ளே இருக்கலாம் என்பது. பொருள் இரண்டு கிளைகளுக்கும் பொதுவான பெரிய மூச்சுக்குழாயிலேயே நின்றால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரித்தான் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பக்கம் என்று ஒன்று இல்லை. இரண்டு பக்கமும் துண்டுகள் போயிருந்தாலும் அப்படியே. சிறிய பொருளின் பக்கத்தால் காற்று தாராளமாகப் போய்வந்தாலும் படம் சுத்தமாகத் தெரியும். முதல் நாளிலேயே எடுத்த படம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பின்னர் பொருள் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுவரையானோருக்கு முதலில் எடுத்த நெஞ்சுப் படம் இயல்பாகவே இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆகவே "எக்ஸ்ரே கிளியர், பயப்படவேண்டாம்" என்ற சொல்லோடு வீட்டுக்குத் திரும்புவதை, புரைக்கேறிய கதை தெளிவாக இருக்கும் பிள்ளையில், ஏற்றுக்கொள்ள முடியாது. வெளிமூச்சுப் படம் காற்றுச் சிக்கியதைக் காட்டினால் அது சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. காட்டாவிட்டால் சந்தேகத்தை நீக்குவதில்லை. திடீரென்று வந்த இருமல், அதன்பின் ஒரு பக்க இழுப்பு, அந்தப் பக்கத்தில் குறைந்த மூச்சொலி என்பவை சேர்ந்திருந்தால் படம் எப்படியிருந்தாலும் உள்ளே குழாய் விட்டுப் பார்ப்பதே முறை. பார்த்து ஒன்றும் இல்லை என்று தெரியவந்தாலும் அது வீண்வேலை அல்ல. உள்ளே விட்டுவைத்த கச்சான் சும்மா கிடக்காது. அதன் எண்ணெய் குழாயின் உட்சுவரை அழற்றும், ஈரத்தை உறிஞ்சி பருப்பு ஊதும், சுற்றிலும் சதை வளர்ந்து அதை மூடும், அதற்கு அப்பால் சளி தேங்கி அதே இடத்தில் திரும்பத் திரும்ப நியூமோனியா வரும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் அந்தக் குழாய்கள் நிரந்தரமாகவே சிதைந்துவிடும். ஒரே இடத்தில் மூன்றாம் தரமும் நியூமோனியா வந்த பிள்ளையின் பெற்றோரிடம், பழைய இருமல் ஒன்றைப் பற்றி மருத்துவர் கேட்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால் பெற்றோரே சொல்லிவிடவேண்டும். அன்று வீட்டில் யார் நின்றார்களோ அவரையும் கூட்டிக்கொண்டு வருவது நல்லது. பலவேளை அதைக் கண்டது தாயாக இருக்காது, அம்மம்மாவாகவோ அக்காவாகவோ இருக்கும்.

சம்பவம் நடக்கும் அந்த நிமிடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளை பலமாக இருமிக்கொண்டிருந்தால், அழ முடிந்தால், இருமவிடுங்கள். அதைவிட நல்ல வைத்தியம் அந்த நேரத்தில் இல்லை. சத்தமே வராமல், மூச்செடுக்க முடியாமல், நிறம் மாறினால்தான் தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தரம் பலமாகத் தட்டவேண்டும். போகாவிட்டால் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தொப்புளுக்கு மேலே ஐந்து தரம் உள்நோக்கி மேலாக அமுக்கவேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வயிற்றை அமுக்காமல் நெஞ்செலும்பை அமுக்கவேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்தபடியே 1990க்கு அழைக்கச் சொல்லுங்கள். தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும். மீன்முள் சிக்கினால் கொடுப்பதுபோலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுக்கவே கூடாது. அது போவது உணவுக்குழாய்க்கு. பொருள் இருப்பது மூச்சுக்குழாயில். தவிர, வயிறு நிறைந்த பிள்ளைக்கு மயக்கமருந்து கொடுப்பதும் ஆபத்து. வைத்தியசாலைக்குப் போகும் வழியில் பால்கூடக் கொடுக்காமல் இருப்பது சத்திரசிகிச்சைக்கு உதவும்.

எங்கள் பிள்ளையை, படம் வலப்பக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டதால், காது மூக்கு தொண்டை சத்திரசிகிச்சை நிபுணரும் பிள்ளைகளுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகியவரும் இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறார்கள். முழு மயக்கத்தில் வாய்வழியாக ஒரு நேரான உலோகக் குழாய் மூச்சுக்குழாய்க்குள் செல்கிறது. பிள்ளை மூச்செடுப்பதும் அந்தக் குழாயினூடாகத்தான், மருத்துவர் பார்ப்பதும் அதனூடாகத்தான், இடுக்கி உள்ளே போவதும் அதனூடாகத்தான். கச்சானை இறுக்கிப் பிடித்தால் நொறுங்கிவிடும். நொறுங்கினால் துண்டுகள் சிறிய கிளைகளுக்குள் ஓடிவிடும். ஆகவே இடுக்கியின் வாய் மென்மையாக, பருப்பைச் சுற்றிவளைத்துப் பிடிக்கவேண்டும். மிக ஆபத்தான கணம் பொருளோடு மேலே வரும்போது குரல்வளையில் நேர்வது. அந்த ஒடுங்கிய வாசலில் பொருள் நழுவிப் பெரிய மூச்சுக்குழாயில் விழுந்தால் இரண்டு நுரையீரலுக்கும் காற்றுப் போகாது. உடனே எடுக்க முடியாவிட்டால், மருத்துவர் அதை மறுபடி பழைய கிளைக்குள்ளேயே தள்ளிவிடுவார். ஒரு நுரையீரலாவது மூச்செடுக்கும். பிள்ளை தேறியபின் மறுபடி முயலலாம்.

பருப்பு வெளியே வந்தபின்னும் குழாயை ஒருமுறை உள்ளே விட்டு இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். இரண்டாவது துண்டு இருப்பது அபூர்வம் அல்ல. அடுத்த சில நாட்களில் உட்சுவரின் வீக்கம் வடியும்வரை இலேசான இழுப்பு இருக்கலாம், வெளிமூச்சுப் படத்திலும் வலப்பக்கம் கொஞ்சம் பிந்தியே சுருங்கலாம். ஒன்றிரண்டு வாரத்துக்குப் பிறகும் அந்தப் பக்கத்துப் பிரிமென்றகடு மூச்சை விடும்போது மேலே ஏறாமல் நின்றால், அது வீக்கம் அல்ல, உள்ளே இன்னும் ஏதோ மிஞ்சியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடி பார்க்கவேண்டும்.